நான் வெட்டிய ஒரு வரி

அடையாறில் ஒரு சிறிய அலுவலகத்தில் விவசாயிகளுக்கான வானிலைச் செய்தி எழுதுவது என் வேலை. செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமங்களின் கைபேசிகளுக்குக் காலையில் போகும் குரல்செய்தி அது. அரை நிமிடத்தில் முடிய வேண்டும்.

ஓர் ஆண்டு, புதிதாக வந்த ஏஐ கணிப்பு மாடலால் எங்களுக்கு நல்ல பெயர் கிடைத்தது. பல்லாண்டு வானிலைப் பதிவுகளில் பழகிய அது, சில நிமிடங்களில் கணிப்பைத் தந்துவிடும். காற்றையும் ஈரத்தையும் இயற்பியல் சமன்பாடுகளால் கணக்கிடும் பழைய மாடலுக்குப் பெரிய கணினியில் மணிக்கணக்காகும். பருவமழை வர இரண்டு வாரம் ஆகும் என்று ஏஐ காட்டியது; முதல் மழையை நம்பி விதைக்க வேண்டாம் என்று அனுப்பினோம். காத்திருந்தவர்களின் விதை பிழைத்தது.

அடுத்த ஆண்டும் நெல் விதைப்பு நேரம் வந்தது. ஏஐ மிதமான மழை என்றது. பழைய மாடலைத் தொடக்க வானிலை அளவுகளைச் சற்றே மாற்றிப் பலமுறை ஓட்டுவோம். அவற்றில் சில கனமழையைக் காட்டின.

மாடல்களை ஓட்டும் சக ஊழியர் தரமணியிலிருந்து தொலைபேசியில் பேசினார். "மேடம், பெரிய மழைய ஏஐ கொஞ்சம் கொறச்சுதான் காட்டும். கனமழைக்கும் சான்ஸ் இருக்குன்னு ஒரு வரி போட்டுடுங்க."

போட்டேன். செய்தி நீண்டுவிட்டது, குழப்புவதாகவும் பட்டது. அந்த வரியை வெட்டிவிட்டு, "மிதமான மழை, விதைக்கலாம்" என்று அனுப்பினேன்.

மூன்றாம் நாள் கொட்டித் தீர்த்தது.

ஒரு மாதம் கழித்து விவசாயிகளை அலுவலகத்துக்கு அழைத்துக் கருத்துக் கேட்டோம். ஏரிக்கரையருகே இரண்டு ஏக்கரில் பயிர் செய்யும் ஓர் அம்மா எழுந்தார்.

"போன வருசம் இவங்க சொல்லித்தான் என் வெத பொழச்சுது. இந்த வருசம் தண்ணி நின்னு அழுகிப்போச்சு. அதுக்கு இவங்க இன்னா பண்ணுவாங்க, பாவம்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

கூட்டம் முடிந்ததும் பேருந்து நிறுத்தம்வரை அவர் பின்னால் ஓடினேன். "அம்மா, கனமழை வரலாம்னு எங்களுக்குத் தெரியும். நான்தான் அதை எடுத்துட்டேன்."

அவர் கோபப்படவில்லை.

"தெரிஞ்சிருந்தா மேட்டு நெலத்துல மட்டும் வெதச்சிருப்பேன். பள்ளத்துல நாலு நாள் பொறுத்திருப்பேன். எங்களுக்குப் புரியாதுன்னு நெனச்சிட்டியாம்மா?"

ஆமாம், அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மறுநாள் மேலாளரிடம் நடந்ததைச் சொன்னேன். அதன்பின் இரண்டு மாடல்களும் மாறுபட்டால் இரண்டையும் சொல்கிறோம். எதற்கு எவ்வளவு வாய்ப்பு என்பதையும் சேர்க்கிறோம். செய்தி ஒரு நிமிடம் ஓடுகிறது. யாரும் பாதியில் நிறுத்துவதில்லை.

அந்த அம்மா பக்கத்து வயலில் மிஞ்சிய நாற்றை வாங்கி, மேட்டில் பயிர் விட்டுப்போன இடங்களில் நட்டார். பள்ளத்து நிலம் அந்தப் பருவம் முழுக்கச் சும்மா கிடந்தது.