கையெழுத்துப் போட்ட கட்டங்கள்

கோவில்பட்டியில் இணையதளம் செய்து கொடுக்கும் சின்ன அலுவலகம் ஒன்றில் எனக்கு ஆறு மாதத் தகுதிகாண் வேலை. கடைசி வாரத்தில் முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். "தீப்பெட்டி ஆபீஸ் அண்ணாச்சி சைட்டை ஏத்துக்கிட்டா வேலை நிரந்தரம். இல்லைன்னா நீ வேற இடம் பாத்துக்கோம்மா." வேறு இடம் என்றால் சென்னை. ஒரே அறையில் ஆறு பேரோடு அங்கே ஒரு வருஷம் குப்பை கொட்டியவள் நான். செத்தாலும் திரும்பப் போகக்கூடாது என்றிருந்தேன்.

இணையதளத்தைச் சோதிப்பது என் பொறுப்பு. ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்க்க எனக்குப் பொறுமை கிடையாது. அதனால் தானாக ஓடும் சின்ன நிரல் ஒன்றை, ஒரு ஸ்கிரிப்ட், எழுதினேன். சர்வர் என்கிற, திரையே இல்லாத கம்ப்யூட்டரில், கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பிரவுசரை அது ஓட்டும். அண்ணாச்சி தளத்தின் ஆறு பக்கங்களையும் போன் அகலத்தில் ஒரு முறை, கம்ப்யூட்டர் அகலத்தில் ஒரு முறை திறக்கும். பக்கம் முழுக்க வரும்வரை காத்திருந்து படம் பிடிக்கும். முதல் நாள் பிடித்த பன்னிரண்டு படங்கள்தான் மூலப்படங்கள். அடுத்தடுத்த நாள் படங்களை அவற்றோடு புள்ளி புள்ளியாக ஒப்பிடும். மாறியிருந்தால் சிவப்பு, மாறவில்லையென்றால் பச்சை. தினமும் பன்னிரண்டும் பச்சை. எனக்கு ஒரே பெருமை. படங்களில் ஒன்றைக்கூட நான் திறந்து பார்க்கவில்லை என்பதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

தீப்பெட்டித் தொழிற்சாலைக்காரரான அண்ணாச்சியோ ப்ரூஃப், அதாவது அச்சு மாதிரி, கேட்டார். தீப்பெட்டி லேபிள் அச்சுக்குப் போகுமுன் ப்ரூஃபில் கையெழுத்துப் போடுவது அவர் தொழிலில் வழக்கம். அதன்பிறகு இம்மி மாறினாலும் மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பிவிடுவார். சரி, படங்கள்தான் இருக்கின்றனவே என்று ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்தேன். ஒவ்வொரு தாளின் மூலையையும் தூக்கித் தூக்கி 'தயாரித்தவர்' என்று கையெழுத்திட்டேன். முதலாளி போனில் பேசிக்கொண்டே 'சரிபார்க்கப்பட்டது' முத்திரையைக் குத்திக் கையெழுத்தும் போட்டார். அண்ணாச்சியும் போட்டார். இணையதளம் வெளியானது.

மறுநாள் காலையில் அண்ணாச்சி ஒரு கையில் போனும் மறுகையில் ப்ரூஃப் தாள்களுமாக வந்து நின்றார்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கீய? கையெழுத்துப் போட்டது ஒண்ணு, போன்ல வாரது ஒண்ணு!"

தாள்களை வாங்கிப் பார்த்தேன். தமிழ் இருக்க வேண்டிய இடமெல்லாம் சின்னச் சின்னக் கட்டங்கள், வரிசை வரிசையாக. அந்தச் சர்வரில் தமிழ் எழுத்துருவே இல்லை; அது இல்லாவிட்டால் எழுத்துக்குப் பதில் கட்டம்தான் வரும். போனிலும் என் லேப்டாப்பிலும் அது முன்பே இருப்பதால் அங்கே குறை தெரியவில்லை. முதல் நாளும் கட்டம், அடுத்த நாளும் கட்டம். கட்டமும் கட்டமும் ஒத்துப்போனால் பச்சை வராமல் என்ன செய்யும்?

"அண்ணாச்சி, போன்ல இருக்கதுதான் சரி. ப்ரூஃப்தான் தப்பு."

"அது எப்படி? தீப்பெட்டிய அடுக்கி வச்ச மாதிரி ஜோரா இருக்குன்னுதான போட்டேன்! இதே மாதிரி ஆக்கிக் குடுங்க. எழுத்து வேண்டாம்."

"எழுத்து இல்லாம எப்படி அண்ணாச்சி வாசிப்பாக?"

"கையெழுத்துப் போட்டாச்சில்லா!"

அழுவதா சிரிப்பதா என்றே தெரியவில்லை. சர்வரில் தமிழ் எழுத்துருவைப் போட்டு, அவர் கண் முன்னாலேயே ஸ்கிரிப்டை ஓட்டினேன். பன்னிரண்டும் சிவப்பு. "பாத்தியளா, கம்ப்யூட்டரே தப்புங்குது," என்றார் அண்ணாச்சி வெற்றியோடு. இத்தனை நாள் தப்பைச் சரி என்ற சனியன், சரியானதைத் தப்பு என்றது. ஒவ்வொரு படமாகத் திறந்து, வரி வரியாக வாசித்து, புதியவற்றை மூலப்படமாக்கினேன். மறுபடி ஓட்டியதும் பச்சை. புது அச்சை நீட்டினேன்.

அண்ணாச்சி அதை வெகுநேரம் வாசித்தார். பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். "பழைய ப்ரூஃப ரத்து பண்ணணும்னா ஒரு மொறை இருக்கு. தப்பு யாருதோ அவிய பின்பக்கத்துல எழுதிக் கையெழுத்துப் போடணும்."

எழுதினால் வேலை போய்விடும். எழுதாவிட்டால் இணையதளம் போய்விடும், அதோடு வேலையும். மேல் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன்: 'படத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன். தவறு என்னுடையது.'

அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை வாசித்தார். தாளைத் திருப்பித் தன் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு என் பேனாவை வாங்கி, நான் எழுதியதற்குக் கீழே 'நானும்தான்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். புது ப்ரூஃபிலும் போட்டுவிட்டு, பழையதை முதலாளியிடம் நீட்டினார்.

முதலாளி பின்பக்கத்தை வாசித்தார். முகம் சிவந்தது. என்னைத் திட்ட வாயைத் திறந்தபடியே தாளைத் திருப்பினார். தன் முத்திரையைப் பார்த்ததும் வாய் அப்படியே நின்றுவிட்டது.

"அண்ணாச்சிக்கு டீ சொல்லும்மா," என்றார் கடைசியில். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "ஒண்ணாந்தேதிலேருந்து நீ நிரந்தரம்," என்றார். பேனாவை எடுத்து, அந்தத் தாளில் மூன்றாவதாக அவரும் கையெழுத்துப் போட்டார். நாங்கள் மூவரும் நிஜமாகவே வாசித்துப் பார்த்துக் கையெழுத்திட்ட தாள் அந்த ஒன்றுதான்.