உள்ளே தள்ளினால் கடிக்கும் டயர்

வேன் ஸ்டாண்டில் அவளுக்குப் பெயர் 'பிரேக் அக்கா'. கோழி குறுக்கே வந்தாலும் பிரேக், நிழல் அசைந்தாலும் பிரேக் என்று மற்ற டிரைவர்கள் வைத்த பெயர். அவள் அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை. "என் வேன்ல ஏறினவங்க எல்லாரும் இறங்கியிருக்காங்கப்பா, அது போதும்" என்பாள்.

மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு நர்ஸுகளை ஏற்றிப் போகும் வேன் அது. காலை ஷிப்ட் அவளுக்கு, மதிய ஷிப்ட் புருஷனுக்கு. கல்யாணமான புதிதில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததே அவன்தான். கியர் போடும்போது திட்டாமல் கற்றுக்கொடுத்த ஒரே ஆண்பிள்ளை என்று தோழிகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

அன்று காலை ட்ரிப்பிலேயே அவளுக்கு மனசு சரியில்லை. சில நாளாகவே நேர்ரோட்டில் போகும்போதும் ஸ்டீயரிங் ஒரு பக்கம் சாய்ந்தே இருந்தது. அதோடு அன்று, வேகம் கூடினால் முன்பக்கத்திலிருந்து வண்டு ரீங்காரம் போல ஒரு சத்தம். டயர் மாற்றி, அவளுடைய அண்ணன் கடையில் சக்கரங்களை நேராக்கும் அலைன்மென்ட் வேலையும் பார்த்து மாசம்கூட ஆகவில்லை. 'அண்ணன் அரைகுறையா விட்டுட்டான்போல' என்று நினைத்துக்கொண்டாள்.

ஸ்டாண்டுக்கு வந்ததும் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து நிறுத்தி, முன் டயர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கண்ணுக்கு டயர் புத்தம்புதிதாகத்தான் இருந்தது. உள்ளங்கையை அதன் முகத்தில் குறுக்கே வைத்துத் தன் பக்கமாக இழுத்தாள். வழுவழுவென்று வந்தது. அதே கையை வண்டிக்கு அடியில் உள்பக்கமாகத் தள்ளினாள். சுரீரென்றது. டயரின் ஒவ்வொரு ரப்பர் பட்டையின் விளிம்பும் ரம்பப் பல் மாதிரி விரலைக் கடித்தது. அடுத்த பக்க டயருக்குப் போனாள். அங்கேயும் அதே கதை: இழுத்தால் பட்டு, தள்ளினால் ரம்பம்.

அவளுக்குப் புரிந்தது. இரண்டு சக்கரமும் முன்னால் விரிந்து, ஆளுக்கொரு திசையில் போகப் பார்க்கின்றன. நேராக உருளாமல், தரையில் உரசிக்கொண்டே ஓடியிருக்கின்றன. அதுவும் புது டயர் இத்தனை சீக்கிரம் இப்படி ஆக வேண்டுமென்றால், கொஞ்சநஞ்ச விலகலாக இருக்காது.

அதற்குள் மதிய ஷிப்ட் நர்ஸுகள் வந்து உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். தலைமை நர்ஸ் முன்சீட்டில் ஏறினாள். புருஷன் சாப்பாட்டை முடித்து வாயைத் துடைத்தபடி வந்து சாவிக்குக் கை நீட்டினான்.

"வண்டி போகாது" என்றாள்.

"ஏன், என்னாச்சு?"

"டயர் ரம்பமா இருக்குங்க. தடவிப் பாருங்க."

அவன் குனியவே இல்லை. "டயர்னா தேயத்தான் செய்யும். சாயந்திரம் வந்து மச்சான்கிட்ட காட்டிக்கலாம். சாவியக் குடு."

"கடை எதிர்லதானே இருக்கு? இப்பவே காட்டிடலாம்."

"ஆளுங்க உக்காந்தாச்சு. உனக்கு எல்லாத்துக்கும் பிரேக்கு!"

பக்கத்து வேன் டிரைவர்கள் சிரித்தார்கள். தலைமை நர்ஸ் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். "என்னம்மா, உங்க வீட்டுச் சண்டைய வீட்டுல வச்சுக்கக் கூடாதா? அங்க காலையிலேர்ந்து நின்னவங்க எங்களுக்காகக் காத்துட்டு இருக்காங்க."

அவள் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். இத்தனை வருஷத்தில் நாலு பேர் முன்னால் புருஷனை மறித்துப் பேசியதில்லை. அவன் முகம் கறுத்தது. ஆனால் அந்தக் கறுப்பில் கோபம் மட்டும் இல்லை என்று அவளுக்குப் பட்டது. அவன் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. வண்டியின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எல்லாரும் கொஞ்சம் இறங்குங்கம்மா" என்றாள். "வேற வேனுக்குச் சொல்றேன். திட்டுறதுன்னா என்னையத் திட்டுங்க."

திட்டிக்கொண்டேதான் இறங்கினார்கள். வேறு வேன் வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போனதும், அவளே வண்டியை ஆமை வேகத்தில் ரோட்டைக் கடத்தி, அண்ணன் கடையில் வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்க வெட்டியிருந்த குழிமேல் ஏற்றினாள். புருஷன் பின்னாலேயே நடந்து வந்தான்.

"நீ பாத்த லட்சணமா இது?" என்று அண்ணனிடம் எரிந்து விழுந்தாள். "புது டயரு, ரம்பமாப் போச்சு!"

அண்ணன் டயரைத் தடவினான். வெளியே இழுத்தான், உள்ளே தள்ளினான். புருவம் சுருங்கியது. அலைன்மென்ட் மெஷினின் கண்ணாடிகளைச் சக்கரங்களில் மாட்டினான். திரையில் முன்சக்கரங்களின் கோடு சிவப்பாக மாறியது.

"டோ-அவுட். நல்லாவே விரிஞ்சிருக்கு" என்றான். "ஆனா நான் பச்சையில வச்சுத்தான் அனுப்பினேன், தங்கச்சி. நட்டு முறுக்கினது எனக்கு ஞாபகம் இருக்கு."

"அப்ப தானா விரிஞ்சுதா?"

"தானா விரியாது. யாரும் நட்டை மாத்தி முறுக்கலேன்னா, சக்கரத்தத் திருப்புற ராடே குட்டையாகணும். இந்த வண்டிக்கு டை ராடு ரெண்டும் சக்கரத்துக்குப் பின்பக்கம். அதுல ஒண்ணு குட்டையானா சக்கரத்தோட பின்னாடி உள்ள வரும், முன்னாடி வெளிய போகும்." அவன் லைட்டை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினான்.

அடியில் துணியால் துடைக்கும் ஓசை கேட்டது. புருஷன் தூணில் சாய்ந்து நின்றான். நெற்றியில் வேர்வை.

"நட்டு நான் முறுக்கின மாதிரியே இருக்கு" என்று குழிக்குள்ளிருந்து குரல் வந்தது. பிறகு லைட் இடது பக்கம் நகர்ந்தது. "தங்கச்சி... இங்க வா."

அவள் இறங்கினாள். இடது பக்க ராடு வில் மாதிரி வளைந்திருந்தது. வளைவின் நடுவில் கல் உரசின புதுத் தழும்பு. மரை தொடங்கும் இடத்தில் தலைமுடி போல ஒரு கீறல்.

"இது இன்னும் எத்தனை கொண்டை ஊசி வளைவு தாங்கும்னு என்னால சொல்ல முடியாது" என்றான் அண்ணன். "இறக்கத்துல புட்டுக்கிச்சுன்னா அந்தச் சக்கரம் நம்ம சொல்பேச்சு கேக்காது."

காலையில் வண்டி நிறைய ஆளோடு அந்த மலையில் ஏறி இறங்கியவள் அவள்தான். குழிச்சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே நின்ற புருஷனைப் பார்த்தாள்.

"கல்லு மேல ஏத்துனீங்களா?"

"பாலம் வேலை நடக்குற இடத்துல" என்றான். "போன வாரம், இறங்கி வர்றப்ப. இருட்டிட்டு வந்துச்சு. அடியில டமார்னு ஒரு சத்தம். வண்டி ஓடிச்சு, விட்டுட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? கல்லு பெருசு. குழந்தைகூடப் பாத்திருக்கும். எனக்குத் தெரியல. சாயந்திரமானா எதிர்ல வர்ற லைட்டு எல்லாம் சிதறிப் போகுது. சொன்னா சாவிய வாங்கிடுவ."

அண்ணன் குழிக்குள்ளேயே ஏதோ வேலை இருப்பது போலக் குனிந்துகொண்டான்.

'என்னையும் அத்தனை பேரையும் அந்த ராடுல தொங்கவிட்டியேய்யா' என்று கத்த நினைத்தாள். ஏணியில் ஏறி வந்து அவன் முன்னால் நின்றாள். அவன் அடிவாங்கப் போகிறவன் மாதிரி நின்றிருந்தான்.

"ஆமா, வாங்கத்தான் செய்வேன்" என்றாள். "கண்ணு சரியாகுறவரைக்கும் சாவி எங்கிட்டத்தான். தள்ளி நின்னு பாக்குறவங்க பிரேக்கு பிரேக்குன்னு சிரிக்கலாம். காலையில அந்த வண்டிக்குள்ள உக்காந்திருந்தவ நான்."

அவன் தலையை ஆட்டினான்.

அன்று சாயந்திரமே ராடு மாற்றி, அதன் முனை மாற்றி, திரையில் கோடு பச்சையாகும்வரை அண்ணன் விடவில்லை. "ராடு சரியாச்சு, ஆனா தேஞ்ச பட்டை வளராது. மலை வண்டிக்கு இந்த டயர் வேணாம்" என்று முன் டயர் இரண்டையும் கழற்றி வேறு மாட்டினான். "உன்னை வாய்க்கு வந்தபடி பேசிட்டேண்ணா" என்றாள். "நீ எப்பதான் பேசல?" என்றான் அவன்.

கண் ஆஸ்பத்திரியில் புரை என்றார்கள். இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் முடிந்து அவன் மறுபடி மதிய ஷிப்டுக்கு ஏறும்வரை இரண்டு வேளையும் அவளே ஓட்டினாள். தலைமை நர்ஸுக்கு யாரோ விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள்போல. ஒருநாள் முன்சீட்டில் ஏறும்போது, "அன்னிக்கு ரொம்பப் பேசிட்டேன்" என்றாள்.

"பெல்ட்டப் போடுங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு அவள் முதல் கியரைப் போட்டாள்.