அத்தானை அடித்த பேனா

தொண்ணூறுகளில் அமெரிக்காவிலிருந்து என் நாத்தனார் கடிதம் எழுதினாள். “அண்ணி, லீவுக்கு வர்றோம். என் பொண்ணுக்கு எல்லாருமே அங்கிள், ஆன்ட்டி, கசின்தான். யாரை என்னன்னு கூப்பிடணும்னு ஒரு டேபிள் போட்டு அனுப்புங்க.”

முத்தாபுதுப்பேட்டையில் நான் டீச்சர். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். தமிழ்ச் சொல், அதே சொல் இங்கிலீஷ் எழுத்தில், பிறகு அர்த்தம். மாமாவும் பெரியப்பாவும் அங்கே ஒரே அங்கிள் என்பதால், அம்மா கூடப் பிறந்தவர், அப்பாவின் அண்ணன் என்று பிரித்து எழுதினேன். மாமா மகன் அத்தான், பெரியப்பா மகன் அண்ணன். இரண்டுக்கும் அவர்களிடம் இருப்பது கசின் ஒன்றுதான். டீச்சர் பழக்கம், உதாரணத்துக்கு என் மகன் பெயரை எழுதி, நேரே ‘அத்தான்’ என்று போட்டேன்.

வந்து இறங்கிய அன்றே அந்தத் தாளைப் பெண்ணின் கையில் பார்த்தேன். என் மகன் பெயருக்கு நேரே ‘அத்தான்’ அடிக்கப்பட்டு, நாத்தனார் கையெழுத்தில் ‘அண்ணா’ என்று இருந்தது.

என் மகன் அப்போது பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண்ணை எடுக்கும் நினைப்பு சத்தியமாக எனக்கு இல்லை. ஆனால் நாம் கேட்பதற்கு முன்பே இவள் யார் வேண்டாம் என்று சொல்ல?

“கை தவறி எழுதிகினு இருப்பா, வுடு,” என்றார் வீட்டுக்காரர்.

கையாவது, தவறுவதாவது! அதற்குப் பிறகு அவள் தும்மினால்கூட எனக்குச் சந்தேகம். மகனின் மார்க்கை விசாரித்தாள். மட்டம் தட்டத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். பெண்ணை என் பக்கத்தில் உட்கார வைத்தாள். வேவு பார்க்கவா? என் புத்தி அப்படித்தான்.

வீட்டுக்காரருக்கு இது எதுவும் உறைக்கவில்லை. தங்கை மகள் பெரியவளானபோது கடல் தாண்டிப் போக முடியவில்லை என்ற குறை அவருக்கு. தாய்மாமன் சீராகப் பட்டுப்பாவாடை எடுத்து பீரோவில் வைத்திருந்தார். அந்தப் பெண் வாயால் ‘மாமா’ என்று கேட்பதற்குத்தான் காத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை உறவுக்காரர்கள் எல்லாரும் கூடியிருக்க, பட்டுப்பாவாடை வைத்த தட்டை நீட்டினார். பெண் பணிவாக வாங்கிக்கொண்டு, தெளிவாகச் சொன்னாள்:

“தேங்க்ஸ், பெரியப்பா.”

நாத்தனார் முகம் வெளுத்தது. “மாமாடீ! என் அண்ணன் உனக்கு எப்படிடீ பெரியப்பா ஆவாரு?”

பெண் குழம்பிப்போய்த் தாளை எடுத்து வந்தாள். “இவங்க பையன் அண்ணான்னு நீதானே எழுதினே? அண்ணாவோட அப்பா பெரியப்பான்னு இதுல இருக்கே.”

கணக்கு சரி. பிழை அவள் அம்மா போட்டது.

வீட்டுக்காரர் தட்டு நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை. “இன்னாம்மா,” என்றார் தங்கையிடம். “நான் உன் பொண்ணுக்கு மாமா இல்லியா?”

இத்தனை நாள் சந்தேகத்தில் நான் மகனைப் பற்றி மட்டுமே யோசித்திருக்கிறேன். இந்த மனிதரை நினைக்கவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

“மாமாதான் அண்ணே, மாமாதான்,” என்று நாத்தனார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“ஓகே, மாமா,” என்றது பெண். பிறகு வாசலில் நின்ற என் மகனைக் காட்டி, “அப்போ இவன் யாரு?” என்றது.

நானும் நாத்தனாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான் பேனாவை எடுத்து அவளிடம் நீட்ட, அவள் அதை என் பக்கமே தள்ளினாள்.