ரெண்டு மூக்கு ஒரு ஓடு

கோட்டாற்றில் மூன்று மாட்டுவண்டிகளுக்குச் சொந்தக்காரி செல்லக்கனி. புருஷன் இடுப்பு ஒடிந்து படுத்த வருஷம் கயிறு அவள் கைக்கு வந்தது. பாரம் பேசுவதும் மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்குவதும் அவள்தான். வண்டி ஓட்டத் தன் தம்பி வைகுண்டராஜனையும் இரண்டு கூலியாட்களையும் வைத்திருந்தாள். கொல்லத்திலிருந்து லாரியில் வந்து இறங்குகிற, கூரை வேய்கிற மேச்சில் ஓடுகளை டைட்டஸ் முதலாளியின் ஓட்டுக்கடையிலிருந்து கிராமங்களுக்குக் கொண்டுபோவதுதான் அவர்களுடைய பிழைப்பு.

கடையில் ஒரு ஒழுங்கு உண்டு. வண்டி கிளம்பும்போது கரித்தாள் வைத்து மூன்று பிரதியாகச் சலான் எழுதுவார்கள். ஒன்று கடையில் இருக்கும். இரண்டு வண்டியோடு போகும். வாங்குகிறவர் எண்ணிப் பார்த்து, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதில் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தரவேண்டும். குறைவோ உடைவோ இருந்தால் வண்டி நகர்வதற்கு முன் அதிலேயே எழுதிவிட வேண்டும். நூற்றுக்கு இரண்டு ஓடு உடைவதை வாங்குகிறவர் பொறுத்துக்கொள்வார். அதற்கு மேல் வழியில் உடைந்தால் வண்டிக்காரர் பொறுப்பு. ஆனால் உடைந்தது என்று வாயால் சொன்னால் போதாது. ஓட்டின் அடியில், கூரைச் சட்டத்தில் மாட்டுகிற பக்கம், இரண்டு மூக்கு இருக்கும். அந்த மூக்குத் துண்டுகளைக் காட்ட வேண்டும். இரண்டு மூக்கு, ஒரு ஓடு. காட்ட முடியாதது எல்லாம் வண்டிக்காரர் கணக்கில் குறைவு.

ஐம்பத்திரண்டாம் வருஷம் ஆடிக் காற்றில், வட்டக்கோட்டைக்குப் போகிற வழியில் ஒரு கருப்பட்டி வியாபாரி சரக்கு வைக்கப் புதிதாகக் கட்டுகிற கிட்டங்கிக்கு ஆயிரத்து இருநூறு ஓடு போனது. வியாபாரி பெயர் பகவதியப்பன். வண்டிகள் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அவர் சந்தைக்கு மார்த்தாண்டம் போயிருந்தார். கொத்தனார் சுடலையாண்டிதான் ஓட்டை இறக்கச் சொல்லி, சலானில் "மூன்று வண்டி வந்தது. எண்ணவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டு வைகுண்டராஜன் திரும்பிவிட்டான்.

மூன்றாம் நாள் டைட்டஸ் முதலாளி ஆள் அனுப்பிச் செல்லக்கனியைக் கூப்பிட்டார்.

"முப்பத்திரண்டு ஓடு குறையுதாம். பகவதியப்பன் சொல்லி அனுப்பியிருக்காரு. உந்தம்பி வழியில வித்துட்டான்னும் சொல்லுதாரு."

"உடைஞ்சிருக்கும் முதலாளி."

"உடைஞ்ச துண்டு ஒண்ணுகூட இல்லையாம். நானும் சும்மா இருக்க முடியாதே. அடுத்த வாரம் பள்ளிக்கூடத்துக்குப் பெரிய லோடு. திருட்டுப் பேரு வந்த வண்டியில நான் எப்படி ஏத்துவேன்?"

வீட்டுக்கு வந்து தம்பியின் முன்னால் நின்றாள்.

"எண்ணவில்லைன்னு எழுதின சீட்டை வாங்கிட்டு வந்திருக்கியே, நீ ஓட்டு வண்டி ஓட்டுதியா, வைக்கோல் வண்டி ஓட்டுதியா?"

"இருட்டிப் போச்சுக்கா. மாடு தண்ணி குடிக்கல. உடைஞ்சதெல்லாம் சொவரு ஓரமாக் கூட்டிப் போட்டுட்டுத்தான் வந்தேன்."

"எத்தனை?"

"எண்ணல."

"நல்லாப் பொருந்தினியடா, நீயும் கொத்தனாரும்."

மறுநாள் விடியும்போதே அக்காளும் தம்பியும் பஸ் ஏறினார்கள். டைட்டஸ் முதலாளியும் சைக்கிளில் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். கிட்டங்கி வாசலில் பகவதியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டபடி நின்றார். முற்றத்தில் அடுக்கிய ஓடுகள். சுவர் ஓரம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது.

"பாத்துக்கோ. எங்க கெடக்கு உடைசல்? ஏலே, உன் மடியில இருக்கோ?" என்று வைகுண்டராஜனைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, அவனை அப்படிக் கேக்காதிய. நான்தான் பதில் சொல்ல வந்திருக்கேன்" என்றாள் செல்லக்கனி.

உள்ளே நாலு பேர் சுண்ணாம்புக் காரை குழைத்துக்கொண்டிருந்தார்கள். தரை திமிசுக் கட்டையால் இடித்துச் சமன் செய்யப்பட்டிருந்தது. ஒரு மூலையில் காரைச் சட்டியைக் கவிழ்க்கப் போனான் ஒருவன். செல்லக்கனி உள்ளே எட்டிப் பார்த்தாள். மண் தரைதான். ஆனால் வாசற்படியை ஒட்டிச் சிவப்புப் பொடி. ஓடு இடிபட்ட பொடி.

"காரையைக் கொட்டாதிய!" என்று கத்தினாள். சட்டி அந்தரத்தில் நின்றது. "கொத்தனாரே, தரைக்குள்ள என்ன போட்டீரு?"

சுடலையாண்டி தலையைச் சொறிந்தார். "சரளை பத்தல. சொவரு ஓரத்துல உடைசல் கெடந்துது. காலுல குத்துதுன்னு அள்ளிப் போட்டு இடிச்சிட்டேன். உடைசல்தானே. அதை எவன் கேப்பான்?"

"கேக்கதுக்குத்தான் கோட்டாத்துலேருந்து வந்திருக்கேன். தோண்டுங்க."

"தோண்டவா?" பகவதியப்பன் குறுக்கே வந்தார். "ரெண்டு நாள் கூலி கொடுத்து இடிச்ச தரை. கருப்பட்டி வைக்க வேண்டிய இடம். மூக்கு வரலைன்னா?"

"வரலைன்னா தோண்டின கூலியும் இடிச்ச கூலியும் நான் தாரேன். வந்தா என் தம்பியைச் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிக்கிடணும்."

அப்போதுதான் டைட்டஸ் முதலாளி வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு, "எண்ணாம இறக்கின சரக்கு, அண்ணாச்சி. மறுநாள் வண்டிக்காரனைப் பக்கத்துல வச்சு எண்ணியிருக்கணும். நீங்க தனியா எண்ணினீங்க. தோண்டிப் பாக்கதுதான் நியாயம்" என்றார்.

கடப்பாரை இறங்கியது. முதல் குத்தில் மண். இரண்டாவதில் 'களுக்' என்றது. வைகுண்டராஜன் முழங்காலிட்டு விரலாலேயே துழாவி ஒரு துண்டை எடுத்து, மண்ணைத் தட்டித் திருப்பினான். மூக்கு.

அதற்குப் பிறகு யாரும் சும்மா நிற்கவில்லை. காரை குழைத்தவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள். தெருவில் போனவர்கள் வாசலில் நின்று கழுத்தை நீட்டினார்கள். மூக்கில்லாத துண்டு வந்தால் "அது உதவாது, தள்ளு" என்று ஏழெட்டுக் குரல். மூக்கோடு வந்தால் கைமாறி முற்றத்துக்குப் போனது. அங்கே டைட்டஸ் முதலாளி குந்தியிருந்து ஜோடி சேர்த்தார். குறுக்கே உடைந்த துண்டில் இரண்டு மூக்கும் சேர்ந்திருந்தன. நெடுக உடைந்தவை ஒற்றை மூக்காக வந்தன. தோண்டாதே என்று தடுத்த பகவதியப்பனே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "அந்தத் தூணுக்குக் கிட்ட பாக்கலியே வே, அங்கதான் பள்ளம் கூடுதலாக் கெடந்துது" என்று கொத்தனாருக்கு இடம் காட்டினார்.

தரை முழுக்கப் புரண்டு, இனி மண்தான் என்று ஆனதும் முதலாளி எழுந்தார்.

"அறுபத்திரண்டு மூக்கு. முப்பத்தொரு ஓடு."

வைகுண்டராஜன் அக்காளைப் பார்த்தான். பகவதியப்பன் ஒரு விரலை உயர்த்தினார்.

"சொன்னது முப்பத்திரண்டு. அந்த ஒண்ணு எங்க?"

ஒரு ஓடு என்றாலும், விற்றவன் என்ற பேச்சு அந்த ஒன்றில் தொங்கிக்கொண்டிருக்கும். செல்லக்கனி மறுபடி குழிக்குள் இறங்கப் போனாள்.

புழக்கடைப் பக்கமிருந்து பகவதியப்பனின் மனைவி குரல் கொடுத்தாள். "இதையா தேடுதிய? கோழிப் பஞ்சாரத்து மேல வச்சிருக்கேன். நாய் தள்ளிக்கிட்டே இருந்துது. கனமா ஒண்ணு வேணும்லா?"

போய்ப் பார்த்தார்கள். முழு ஓடு, இரண்டு மூக்கோடு. வாசலில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் பஞ்சாரக் கூடைக்குள் இருந்த கோழி கொக்கரித்தது. பகவதியப்பன் மட்டும் மனைவியை முறைத்தார். "எனக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்க ஓட்டை எண்ணுனிய. கோழியை எண்ணலியே" என்றாள் அவள்.

டைட்டஸ் முதலாளி சலானை வாங்கி முழங்கால்மேல் வைத்து எழுதினார். "நல்ல ஓடு ஆயிரத்து நூற்று அறுபத்தொன்பது. உடைவு முப்பத்தொன்று, மூக்குப் பார்த்தது. குறைவு இல்லை." படித்துக் காட்டிவிட்டு, "நூத்துக்கு ரெண்டு கணக்குல இருபத்துநாலு உங்க தலையில, அண்ணாச்சி. ஏழு செல்லக்கனி தலையில" என்றார்.

"ஏழுக்குக் கூலியில பிடிச்சுக்கிடுங்க" என்றாள் செல்லக்கனி. அதில் அவளுக்கு மறுப்பில்லை. காற்றில் வண்டி ஆடியது உண்மைதான்.

பகவதியப்பன் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது வைகுண்டராஜனிடம், "தம்பி, நான் சொன்னதை மனசுல வைக்காத. வெயில்ல எண்ணினது, தலை சுத்திப் போச்சு" என்றார். அவன் கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டான். செல்லக்கனிதான், "தரையை இடிச்சு முடிக்கதுக்கு இவனும் ஒரு கை போடுவான், அண்ணாச்சி" என்றாள்.

ஒரு முறை காட்டிய மூக்கை மறுமுறை காட்டக் கூடாது என்பதற்காக, எண்ணி முடித்ததும் அதை அடித்து உடைத்துவிடுவது கடை வழக்கம். டைட்டஸ் முதலாளி கொத்தனாரின் சுத்தியலை வாங்கி வைகுண்டராஜனிடம் நீட்டினார். அவன் முற்றத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு மூக்காக அடித்தான். ஓங்கி ஓங்கி அடித்தான். பொடி முகமெல்லாம் பறந்தது.

"மெல்ல அடி மக்கா, சுத்தியல் அடுத்தவருக்கு உள்ளது" என்றாள் செல்லக்கனி. பிறகு முதலாளியின் பக்கம் திரும்பினாள். "பள்ளிக்கூட லோடு எத்தனை மணிக்கு ஏத்தணும்?"