பேச்சு நின்ற இடம்

ராமச்சந்திராபுரம் டவுன்ஷிப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு விளையாட்டு அறிவியல் எடுத்தேன். கடுமையாக ஓடும்போது தசையில் உண்டாகும் லாக்டேட்டின் வரம்பைக் கரும்பலகையில் விளக்கியபோது எல்லாரும் கொட்டாவி விட்டார்கள். எரிச்சலில் மைதானத்துக்கு இழுத்துப்போய், கூடவே ஓடிக்கொண்டு மறுபடி சொன்னேன்.

“உடம்பு ஒரு நிமிஷத்துல அதிகபட்சம் எவ்வளவு ஆக்ஸிஜனைப் பயன்படுத்துமோ, அதான் ஏரோபிக் திறன். அதுல எவ்வளவு பங்கு வரைக்கும் லாக்டேட் குவியாம ஓட முடியும்ங்கறது வேற, அதான் லாக்டேட் வரம்பு. ஓடிக்கிட்டே சரளமா பேசினா வரம்புக்குள்ள இருக்கோம். பேச்சு எப்போ…”

அதற்குமேல் மூச்சு வாங்கியது.

பக்கத்தில் நிதானமாக ஓடிய மாணவி முடித்துவைத்தாள். “பேச்சு எப்போ திணறுதோ, அப்போ லாக்டேட் கரையறதவிட வேகமா ரத்தத்துல சேருது. ஹவ் நா, சார்?” சரிதானே என்று உள்ளூர் இந்தியில் கேட்டாள்.

தலையை மட்டும் ஆட்டினேன்.

பரீட்சையில் அந்தக் கேள்வியை ஒருவரும் விடவில்லை. உதாரணம் கேட்ட இடத்தில் எல்லாரும் என்னையே எழுதியிருந்தார்கள்.