களஞ்சியத்துக்கு ஆள் தேவை

கல்முனையில் நான் வேலை செய்யும் ஹார்ட்வெயார் கடை வாசலில், “சகல திறமைகளும் பல்துறை அனுபவமும் உள்ள, எந்நேரமும் உழைக்கக்கூடியவர் தேவை” என்று முதலாளி எழுதி ஒட்டியிருந்தார். ஒருவரும் வரவில்லை.

அவருடைய மகள் அதைக் கிழித்துவிட்டு, கடையின் பின்னால் சாமான் வைக்கும் களஞ்சியத்துக்கு, என்னிடம் வந்தார்.

“காக்கா, இங்க நீங்க என்னென்ன வேலை செய்யிறீங்க?” என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

லொறியில் வரும் சீமெந்து மூட்டைகளை இறக்குவது, ஆணி நிறுப்பது, நண்பகலில் லுஹர் தொழுகைக்குப் போய் வருவது என்று சொன்னேன். புதுத் தாளில் அப்படியே எழுதினார். சம்பளத்தையும் மறைக்காமல் போட்டார். “ஐந்தாம் வகுப்புப் படித்தவரும் வரலாம், பழக்கித் தருவோம்” என்றும் சேர்த்தார்.

எழுதியதை வாசித்துப் பார்த்தேன். அது முழுக்க என் வேலை. என் இடத்துக்குத்தான் ஆள் தேடுகிறார்களா? கடை பூட்டும் நேரம் அவரிடம் போனேன்.

“அப்ப நான் நாளைக்கு வரட்டா, தங்கச்சி?”

“நீங்க வராட்டி புது ஆளை ஆரு பழக்குற? வாப்பாவா மூட்டை தூக்குவார்?” என்று சிரித்தவர், சட்டென்று நிறுத்தினார். “நீங்களே இப்படி நினைச்சா, வாசிக்கிறவங்க என்ன நினைப்பாங்க?”

அடியில் ஒரு வரி எழுதினார்: “இது இரண்டாவது ஆளுக்கான வேலை. இப்போது இருப்பவர் கூடவே நின்று பொறுமையாகச் சொல்லித் தருவார்.”

மறுநாள் ஒருவர் வந்து, அந்தப் பொறுமையானவர் எங்கே என்று என்னிடமே கேட்டார். நானும் அவரைத் தேடி உள்ளே திரும்பிப் பார்த்தேன்.