லைட் ஐநூறு

தையல்காரிக்குத் தெருவில் ஆடிட்டர் என்று பட்டப்பெயர். மாதம் பிறந்ததும் பேங்க்குக்குப் போய், புருஷனோடு சேர்ந்து வைத்திருந்த கணக்கின் ஸ்டேட்மென்டை வாங்கி வந்து, வரிவரியாக நோட்டில் ஏற்றிவிடுவாள். டீ பன்னிரண்டு, சிகரெட் இருபது, பிஸ்கட் பத்து. பட்டறைக்காரனான புருஷன் பெல்ட்டைக் கழற்றுவதற்குள் விசாரணை தொடங்கிவிடும். மாமனார் படுத்த படுக்கை, முதுகில் புண். அவருக்குக் காற்று மெத்தை வாங்கத்தான் இந்தக் கெடுபிடியெல்லாம்.

கோடை தொடங்கியபோது சில்லறை வரிகள் திடீரென்று மறைந்துபோயின. புருஷன் திருந்திவிட்டான் என்று பூரித்துப்போனாள். ஆனால் புதிதாக ஒரு வரி முளைத்திருந்தது: யூபிஐ லைட், ஐநூறு. மாதத்தில் ஆறு தடவை. ஆங்கிலத்தில் Light என்றில்லாமல் Lite என்று இருந்ததைப் பார்த்து, பேங்க்காரனுக்கு ஸ்பெல்லிங் வரவில்லை என்று சிரித்துக்கொண்டே, கரண்ட் செலவில் எழுதினாள்.

லைட்டுக்கு ஏன் இவ்வளவு போகிறது என்று கேட்டாள். முன்பணம் ஏற்றினால்தான் ஓடும் கரண்ட் மீட்டர்; அந்த ரீசார்ஜ் அவன் பொறுப்பு. பட்டறை வாசல் கடையில் ரொக்கமாகக் கட்டிவிடுவான்; இப்போது போனில் கட்டுகிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"மீட்டர் ஓடுது, நான் என்ன பண்ண?" என்றான். அவனும் பொய் சொல்லவில்லை.

அன்றிலிருந்து பகலில் மாமனார் அறை ஃபேனை நிறுத்தினாள். பாவம், மனசு அடித்துக்கொண்டது.

"வேர்க்குதா மாமா?"

"எனக்கெதுக்கும்மா காத்து? நீ மிஷினுக்கு வச்சுக்கோ."

மூன்று மாதம். வியர்வையில் ஊறி முதுகுப் புண் பெரிதானது, சீழ் பிடித்தது, காய்ச்சல் வந்தது. புழுக்கத்தில் போட்டு வைத்திருந்தீர்களா என்று டாக்டர் கேட்டார். நான்காம் நாள் அவர் போய்ச் சேர்ந்தார்.

அடுத்த ஸ்டேட்மென்டிலும் அதே ஐநூறுகள் இருந்தன. பேங்க் கிளார்க்கிடம் சண்டைக்கே போய்விட்டாள்.

"இது கரண்ட் பில் இல்லம்மா. சின்னச் செலவுக்குப் போன்லயே பணம் ஏத்தி வைக்கிறது. பின் நம்பர் வேணாம். தீரத் தீரத் தானா ஏறுற மாதிரி யாரோ செட் பண்ணியிருக்காங்க. எங்க கணக்குல ஏத்தினது மட்டும்தான் தெரியும். செலவு ஒண்ணொண்ணா போன்ல இருக்கும்."

போனில் எல்லாம் இருந்தது. டீ, சிகரெட், பிஸ்கட். முன்பு நாளுக்கு நாற்பது போனது, இப்போது நூறு. பின் நம்பர் போட வேண்டியதில்லாததால் வலிக்கவேயில்லை என்றான் புருஷன். பட்டறை வாசல் கடைக்காரன்தான் வைத்துக் கொடுத்தானாம். அதற்குப் பெயர் லைட் என்பதே அவனுக்குத் தெரியாது.

அவனுடைய பழைய சட்டைப் பைகளில் மீட்டர் ரீசார்ஜ் சீட்டுகள் கிடந்தன. தேதிவாரியாக அடுக்கி நோட்டில் ஏற்றினாள். கைப்பழக்கம், விடவில்லை. ஃபேனை நிறுத்தியதற்கு முந்தைய மாதத்தோடு ஒத்துப் பார்த்தாள். மாமனார் மூன்று மாதம் வேர்த்துக் கிடந்ததில் மிச்சமானது நூற்று எண்பது.